மா: அரபியின் ஒரு சிறு சொல்

வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போகும் தமிழர், விமானத்தை விட்டிறங்கிய முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் அரபுச் சொல் ஒன்று உண்டு. அது 'மாஃபி'. தண்ணீர் மாஃபி, லீவு மாஃபி, சம்பளம் மாஃபி. 'ஃபீ' என்றால் உண்டு. 'மா' என்றால் இல்லை. இரண்டும் சேர்ந்து 'கிடையாது' என்றாகிவிடுகிறது. பத்தாண்டுகள் அங்கே இருந்து திரும்பியவர்களுள் பலர்க்கும் 'மா' என்றால் 'இல்லை' என்பதோடு அச்சொல்லின் கதை முடிந்துவிடும். பேச்சரபியில் அது பெரும்பாலும் உண்மையே. அங்கே கேள்விக்கு 'ஷூ', 'ஏஷ்' போன்ற வேறு சொற்கள் வந்துவிட்டன. மறுப்பு ஒன்றே மாவின் முதன்மையான வேலையாக எஞ்சியிருக்கிறது.

ஆனால் எழுத்தரபி வேறோர் உலகம். ஒப்பந்தம், நாளிதழ், நீதிமன்ற ஆணை, பழைய நூல்கள் ஆகிய எல்லாவற்றிலும் இந்தச் சின்னஞ்சிறு சொல் வரிக்கு வரி வந்து நிற்கும். ஓரிடத்தில் அது 'இல்லை'. அடுத்த வரியில் 'எது?', அதற்கடுத்த வரியில் 'எதுவோ அது', இன்னும் சற்றுக் கீழே 'இருக்கும் வரையில்'. எழுத்தில் அனைத்தும் ஒன்றே. மீம் என்ற எழுத்தும் அலிஃப் என்ற எழுத்தும், அவ்வளவுதான்.

நம் மொழியிலும் 'மா' உண்டு. நன்னூலார் கணக்கிட்ட 42 ஓரெழுத்தொருமொழிகளுள் அதுவும் ஒன்று. மாமரமும் விலங்கும் பெருமையும் அதன் பொருள்கள். ஆனால் தமிழ் மா பெயராகவோ உரிச்சொல்லாகவோ நிற்பது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு சொல் கெடும். அரபு மா வாக்கியத்தின் அச்சாணி. அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் வாக்கியமே குடைசாய்ந்துவிடும். சில நேரங்களில் ஒருவருடைய கூலியும் அதனோடு சாயும். அப்படிச் சாயவிருந்த ஒரு கூலியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஷார்ஜாவில் நான் கணக்கெழுதும் வேலையில் இருந்த காலத்தில், மாலை வேளைகளில் அரபு இலக்கணம் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஆசிரியர் சூடான் நாட்டு முதியவர். நாங்கள் ஏழெட்டுப் பேர். மலையாளிகள், வங்காளிகள், நான் ஒரு தமிழன். மாவைப் பற்றிய பாடம் வந்தபோது அவர் கரும்பலகையில் ஒரேயொரு வாக்கியத்தை எழுதினார். மூன்றே சொற்கள்: 'மா', 'அஹ்ஸன்', 'அல்முஅல்லிம்'. மூன்றாவது சொல்லுக்கு ஆசிரியர் என்று பொருள். நடுச்சொல் 'நல்ல' என்னும் வேரிலிருந்து வந்தது. எழுதிவிட்டுத் திரும்பி, "இதில் நான் புகழப்பட்டிருக்கிறேனா, இகழப்பட்டிருக்கிறேனா?" என்று கேட்டார்.

யாருக்கும் விடை தெரியவில்லை. அப்படித் தெரிய வழியும் இல்லை. அரபு எழுத்தில் குற்றுயிர்கள் பொதுவாக எழுதப்படுவதில்லை. சொல்லின் கடைசியில் வரும் அகர, இகர, உகரங்கள் படிப்பவரின் வாயில்தான் பிறக்கின்றன. அந்தக் கடைசி உயிர்களே அங்கு வேற்றுமை உருபுகள். பொதுவாக உகரம் வந்தால் அந்தச் சொல் எழுவாய். அகரம் வந்தால் செயப்படுபொருள். இகரம் வந்தால் 'உடைய' என்னும் உறவு. நமக்கு 'ஐ', 'அது' போன்றவை கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாக வந்து ஒட்டுகின்றன. அவர்களுக்கோ அவை மூச்சில் மட்டும் இருக்கின்றன.

ஆசிரியர் அந்த மூன்று சொற்களையும் மூன்று விதமாகப் படித்துக் காட்டினார்.

முதலாவது, 'மா அஹ்ஸனல் முஅல்லிம!' இரண்டும் அகரம். பொருள்: "ஆசிரியர்தாம் எவ்வளவு நல்லவர்!" இது வியப்பு. இரண்டாவது, 'மா அஹ்ஸனுல் முஅல்லிமி?' உகரமும் இகரமும். பொருள்: "ஆசிரியரிடத்தில் மிக நல்லது எது?" இது வினா. மூன்றாவது, 'மா அஹ்ஸனல் முஅல்லிமு.' அகரமும் உகரமும். பொருள்: "ஆசிரியர் நல்லது செய்யவில்லை." இது மறுப்பு.

புகழ்ச்சி, கேள்வி, பழி. மூன்றிலும் எழுத்து ஒன்றே. மா என்னும் ஒலியும் ஒன்றே. மாறியவை அதன் அண்டைவீட்டுச் சொற்களின் கடைசி உயிர்கள் மட்டுமே. இலக்கண வகுப்புகளில் நூற்றாண்டுகளாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டின் வகையைச் சேர்ந்தது இது. பெயரை மட்டும் அவரவர் மாற்றிக்கொள்வர்.

இவற்றுள் வியப்பு மாவை அரபு இலக்கணிகள் பிரித்துக் காட்டும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. பஸ்ரா நகர மரபில், இங்குள்ள மாவுக்கு 'ஏதோ ஒன்று' என்பது பொருள். 'அஹ்ஸன' என்பது 'நல்லதாக்கியது' என்னும் வினை. முஅல்லிம் அதன் செயப்படுபொருள், அதனால்தான் அகரம். ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் "ஏதோ ஒன்று இந்த ஆசிரியரை நல்லவராக்கியிருக்கிறது!" என்று வருகிறது. அந்த ஏதோ ஒன்று இன்னதென்று சொல்லத் தெரியாத நிலையே வியப்பு.

இதையொட்டி அரபு மரபில் வழங்கும் கதை ஒன்றையும் அவர் சொன்னார். அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பவர் ஏழாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்தவர். அரபு இலக்கணத்தின் தொடக்கம் அவரோடு சேர்த்துப் பேசப்படும். ஒரு நாள் அவருடைய மகள் வானத்தைப் பார்த்து, அது எவ்வளவு அழகு என்று வியக்க எண்ணினாள். ஆனால் வாயில் அகரத்துக்குப் பதில் உகரம் வந்துவிட்டது. "வானத்தில் மிக அழகானது எது?" என்று தந்தையின் காதில் விழுந்தது. "அதன் விண்மீன்கள்" என்று அவர் விடை சொன்னார். "நான் கேட்கவில்லை, வியந்தேன்" என்றாள் மகள். வியப்பதானால் அகரத்தோடு சொல் என்று அவர் திருத்தினாராம். மொழி கெடத் தொடங்கிவிட்டது என்ற கவலை அவருக்குப் பிறந்ததாகவும், அதன் விளைவாகவே இலக்கணம் தொடங்கியதாகவும் கதை முடியும். சொற்களின் கடைசி உயிரைக் காட்ட வண்ணப் புள்ளிகள் இடும் முறையும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கதை நடந்ததோ, பின்வந்தோர் கட்டியதோ, எப்படியாயினும் ஒரு மொழியின் இலக்கணப் பிறப்புக் கதையில் மா வந்து நிற்பது தற்செயல் அன்று என்றே எண்ணுகிறேன். வழுக்கி விழ ஏற்ற இடம் அதுதான்.

நிற்க. பதினான்காம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹிஷாம் என்னும் இலக்கணி, 'முக்னில் லபீப்' என்ற தம் நூலில் இடைச்சொற்களை அகரவரிசையில் எடுத்து ஆராய்ந்தார். மாவை அவர் முதலில் இரு கூறாக வகுக்கிறார்: பெயராக வரும் மா, இடைச்சொல்லாக வரும் மா. ஒவ்வொன்றையும் மும்மூன்றாகப் பிரித்து, அவற்றுக்குள்ளும் கிளைகள் காட்டுகிறார். அத்தனையையும் இங்கே அடுக்கினால் படிப்பவர்க்குத் தலை சுற்றும். ஆனால் முதல் பிரிவினை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். 'எது?', 'எதுவோ அது' என்னும் இரண்டும் பெயர்கள். ஒரு பொருளைச் சுட்டுபவை. 'இல்லை', 'வரையில்' என்னும் இரண்டும் இடைச்சொற்கள். எப்பொருளையும் சுட்டாமல் வாக்கியத்தின் மீது வேலை செய்பவை.

இதிலிருந்து எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. ஐயம் வரும் இடத்தில் மாவை எடுத்துவிட்டு, எஞ்சியதைப் படித்துப் பார்க்க வேண்டும். மூன்றிலொன்று நடக்கும். வாக்கியம் குறைப்பட்டு நின்றால், எடுத்தது பெயர். அஃதாவது வினாவோ 'எதுவோ அது'வோ. வாக்கியம் முழுமையாக நின்று, பொருள் மட்டும் நேர்மாறாகிவிட்டால், எடுத்தது மறுப்பு. ஒரு தொங்கு தொடர் தனித்து நிற்கும் வாக்கியமாகிவிட்டால், எடுத்தது காலம் காட்டும் மா. வியப்பு மாவுக்கு மட்டும் இச்சோதனை உதவாது. அதன் வாக்கிய அமைப்பே ஓர் அச்சில் வார்த்தது. அதை அப்படியே அடையாளம் கண்டுகொள்ள வேண்டியதுதான்.

வினா மாவையும் 'எதுவோ அது' மாவையும் பிரித்தறிய எழுத்தே ஒரு துணை செய்கிறது. முன்னிடைச்சொல் ஒன்று வந்து ஒட்டும்போது, வினா மா தன் அலிஃபை இழந்து குறிலாகிவிடும். மற்றது நெடிலாகவே நிற்கும். குறில் நெடில் வேறுபாட்டில் வளர்ந்த நம் காதுக்கு இது எளிது. 'லி' என்றால் 'பொருட்டு'. 'லிம ஜிஃத்த?' என்றால் "எதன் பொருட்டு வந்தாய்?" 'ஷகர்த்துஹு லிமா ஃபஅல' என்றால் "அவன் செய்ததன் பொருட்டு நன்றி சொன்னேன்." 'அன்' என்றால் 'பற்றி', அது மாவோடு புணரும்போது னகரம் மகரமாகத் திரிகிறது. 'அம்ம தஸ்அலு?' என்றால் "எதைப் பற்றிக் கேட்கிறாய்?" 'ஸஅல்த்து அம்மா ஹதஸ' என்றால் "நடந்ததைப் பற்றிக் கேட்டேன்." குறில் கேட்கிறது, நெடில் சுட்டுகிறது. இன்று அவசரமாக எழுதுவோர் வினாவிலும் அலிஃபை விட்டுவைத்துவிடுவது உண்டு. ஆதலால் அலிஃப் இல்லையென்றால் வினா என்று துணிந்து சொல்லலாம். இருக்கிறதென்றால் வினா அன்று என்று அதே துணிவோடு சொல்ல இயலாது.

இனி, அந்தக் கூலிக் கதை.

2006ஆம் ஆண்டு. நான் குடியிருந்த அதே கட்டிடத்தில் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். மின்பணியாளர். ஒரே நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் உழைத்தவர். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது. கணக்கு முடிக்கும் தாள் ஒன்றைக் கொடுத்து, மறுநாள் கையெழுத்திட்டுக் கொண்டுவரும்படி கூறியிருந்தார்கள். அவருக்கு அரபு பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அலுவலகத்து ஆள் அந்தத் தாளை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்.

அன்று இரவு அவர் தாளோடு என் அறைக்கு வந்தார். முகத்தில் கவலை இல்லை. சொல்லப்போனால் மகிழ்ச்சியே இருந்தது. "அண்ணே, கடைசி மாசச் சம்பளம் மட்டும்தான் கொடுத்தான். சர்வீஸ் பணம் வரலை. ஆனா அவனே எழுதிக் கொடுத்துட்டான்ண்ணே, எனக்கு வர வேண்டியது வரலைன்னு. 'மா லீ'ன்னு படிச்சான். என் காதாலயே கேட்டேன். நாளைக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு நகல் வாங்கிக்கிட்டா, அதை வச்சே கேட்டுரலாம்ல?"

தாளை வாங்கிப் பார்த்தேன். நடுவில் இருந்த வாக்கியம் இது: 'இஸ்தலம்த்து குல்ல மா லீ, வஅத்தைத்து குல்ல மா அலைய்ய.'

'இஸ்தலம்த்து' என்றால் பெற்றுக்கொண்டேன். சரக்கு இறக்கும் இடங்களில் அடிக்கடி கேட்கும் சொல்லாதலால் அவருக்கு அது தெரியும். 'லீ' என்றால் எனக்கு, அதுவும் தெரியும். 'மா' என்றால் இல்லை. மாஃபியில் ஒன்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கேட்டுப் பழகியது. மூன்றையும் கூட்டி, "எனக்குப் பெற்றது இல்லை" என்று அவர் பொருள் கொண்டிருந்தார். அவர் கற்ற அரபியின்படி அதில் குற்றமே கிடையாது.

ஆனால் இங்கே மாவுக்கு முன்னால் 'குல்ல' நிற்கிறது. 'குல்' என்றால் 'எல்லாம்'. அதற்குப் பின்னால் ஒரு பெயர் வந்தாக வேண்டும். எதன் எல்லாம் என்று அது சொல்ல வேண்டும். மறுப்பு மா பெயரன்று. ஆகவே அந்த இடத்தில் அது உட்காரவே முடியாது. மாவை எடுத்துவிட்டால் 'குல்ல லீ' என்று நொண்டி நிற்கிறது. சோதனையின் முதல் விடை அது. ஆக இது 'எதுவோ அது' மா. வாக்கியத்தின் பொருள்: "எனக்கு உரியது எதுவோ அது எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன், என்மீது கடன்பட்டது எதுவோ அது எல்லாவற்றையும் செலுத்திவிட்டேன்." உரிமையையும் கடனையும் ஒருசேரத் தீர்த்துவிடும் தொடர் இது. 'லீ' என்பது எனக்கு வர வேண்டியது. 'அலைய்ய' என்பது என் தலைமேல் இருப்பது.

இதையே மறுப்பாகச் சொல்ல விரும்பினால் 'மா லீ ஹக்குன்' என்று எழுதியிருப்பார்கள், "எனக்கு உரிமை ஏதுமில்லை." மாவை எடுத்தால் 'லீ ஹக்குன்', "எனக்கு உரிமை உண்டு" என்று முழு வாக்கியமாகவே நிற்கும், பொருள் மட்டும் தலைகீழாகும். இரண்டு இடத்திலும் 'மா லீ' என்னும் ஒலி ஒன்றே. ஒன்றில் 'எனக்கு இல்லை'. மற்றொன்றில் 'எனக்கு உள்ளது'. இதைவிட எதிரெதிரான இரண்டு பொருளை ஒரே ஒலியில் வைக்க முடியுமா என்று அன்றிரவு வியந்தேன்.

அவரிடம் சுருக்கமாகச் சொன்னேன்: "இதில் கையெழுத்துப் போட்டால், எல்லாம் வந்துவிட்டது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும்." சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இருவருமாகக் கணக்குப் போட்டோம். அந்நாட்டுச் சட்டப்படி முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள். ஐந்து இருபத்தொன்று 105. நான்கு முப்பது 120. மொத்தம் 225 நாள். அவருடைய அடிப்படைச் சம்பளம் 900 திர்ஹம். மாதத்தை 30 நாளாகக் கொண்டால் நாளொன்றுக்கு 30 திர்ஹம். ஆக 6750 திர்ஹம். அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் கையெழுத்திடவில்லை. தொகையைக் கொடுங்கள், பிறகு கையெழுத்திடுகிறேன் என்றார். தொழில் அமைச்சகத்துக்குப் போகப்போவதாகவும் சொன்னார். ஏறத்தாழ மூன்று வாரங்கள் இழுத்தடித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தார்கள். அதன்பின் அதே தாளில், அதே வாக்கியத்தின் கீழ், அவர் கையெழுத்திட்டார். வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இப்போது அது உண்மையாகியிருந்தது, அவ்வளவுதான்.

அவருடைய பழைய ஒப்பந்தத்தையும் அப்போது புரட்டிப் பார்த்தேன். அதில் மாவின் நான்காவது வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருந்தது. நிறுவனம் தங்குமிடம் தர வேண்டும், 'மா தாமல் அக்து ஸாரியன்' என்று எழுதியிருந்தது. 'அக்து' என்றால் ஒப்பந்தம். 'ஸாரியன்' என்றால் நடப்பில் உள்ளதாக. 'தாம' என்றால் நீடித்தது. மாஃபி பழகிய காதுக்கு "ஒப்பந்தம் நீடிக்கவில்லை" என்று ஒலிக்கும். உண்மைப் பொருளோ "ஒப்பந்தம் நடப்பில் நீடிக்கும் வரையில்" என்பது. இங்குள்ள மா, தன்னை அடுத்து வரும் வினையைத் தொழிற்பெயர்போல் ஆக்கி, அதன் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு 'காலம்' என்னும் சொல்லையும் வைத்துவிடுகிறது. 'நீடித்தல்' என்றாக்கி, 'நீடித்தலின் கால அளவு' என்றாக்குகிறது. மாவை எடுத்துவிட்டால் 'தாமல் அக்து', "ஒப்பந்தம் நீடித்தது" என்று தனி வாக்கியம் கிடைக்கிறது. மாவோடு சேர்ந்தாலோ அது தனித்து நிற்காது. "தங்குமிடம் தர வேண்டும்" போன்ற வேறொரு வாக்கியத்தில் சாய்ந்தே நிற்கும். சோதனையின் மூன்றாவது விடை இதுவே.

இதன் அருகே இன்னொரு தொடரை வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். 'மா ஸாலல் அக்து ஸாரியன்.' தாமவுக்குப் பதில் ஸால; மற்றவை அப்படியே. 'ஸால' என்றால் நீங்குதல், ஓய்தல். இங்குள்ள மா மறுப்பு. "ஓயவில்லை" என்றால் என்ன? "இன்னும் இருக்கிறது" என்பதே. ஆக இதன் பொருள் "ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறது." இது யாரையும் சாராமல் தனித்து நிற்கும் வாக்கியம். மாவை எடுத்தால் பொருள் தலைகீழாகி, ஒப்பந்தம் ஓய்ந்துவிடும். நீடித்தலைச் சொல்லும் வினையோடு வந்த மா மறுப்பன்று. ஓய்தலைச் சொல்லும் வினையோடு வந்த மா மறுப்பு. இரண்டும் சேரும் இடமோ ஒன்றே: நீடித்தல். ஆயினும் ஒன்று எல்லை கட்டுகிறது. மற்றொன்று செய்தி சொல்கிறது. "ஒப்பந்தம் இருக்கும் வரையில்" என்பதற்கும் "ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது" என்பதற்கும் உள்ள தூரம், தங்குமிடத்தை நம்பியிருப்பவருக்குப் பெரிய தூரம்.

சோதனைகள் எல்லாம் கைவிடும் இடங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. குர்ஆனின் 2ஆம் அத்தியாயத்து 102ஆம் வசனம் பாபிலோனில் இருந்த ஹாரூத், மாரூத் என்னும் இரு வானவரைப் பற்றியும் சூனியத்தைப் பற்றியும் பேசுவது. அதில் வரும் ஒரு மாவை எப்படிக் கொள்வது என்று உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்திருக்கின்றனர். 'எதுவோ அது' என்று கொண்டால், அவ்விருவர்க்கும் ஏதோ ஒன்று அருளப்பட்டது என்றாகும். மறுப்பென்று கொண்டால், அப்படி ஒன்றும் அருளப்படவில்லை என்றாகும். 923இல் மறைந்த அத்தபரீ இரு கருத்தையும் எடுத்துரைத்து முதலதைத் தேர்ந்தார். 1273இல் மறைந்த அல்குர்துபீ மறுப்பையே சிறந்ததாகக் கொண்டார். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது; அண்டைச் சொற்களும் இரண்டுக்கும் ஒத்துப்போகின்றன. அத்தகைய இடத்தில் தீர்ப்புச் சொல்வது இலக்கணம் அன்று. வானவரைப் பற்றிப் படிப்பவர் முன்பே கொண்டிருக்கும் எண்ணம். ஒரு சொல்லின் எல்லை எங்கே முடிந்து, மனிதரின் நம்பிக்கை எங்கே தொடங்குகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் இடம் வேறொன்றை நான் கண்டதில்லை.

ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை எப்படி வந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. செமித்திய மொழிகளை ஆய்வோருள் சிலர், மறுப்பு மாவும் வினா மாவிலிருந்தே பிறந்தது என்று கருதுகின்றனர். இது தமிழர்க்கு விளக்கம் வேண்டாத செய்தி. "அவனுக்கு என்ன தெரியும்?" என்று நாம் சொல்லும்போது, யாரும் பட்டியல் போட்டு விடை சொல்வதில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதே அதன் பொருள். கேள்வி இங்கே மறுப்பின் வேலையைச் செய்துவிடுகிறது. நாளடைவில் கேள்வியின் தொனி தேய்ந்து, மறுப்பு மட்டும் எஞ்சினால், அரபு மா நமக்கு முன்னால் நிற்கும். "எது நல்லதோ அதைச் செய்" என்னும்போது, அதே வினாச்சொல்லைச் சுட்டவும் பயன்படுத்துகிறோம். தமிழ் அங்கே ஓர் ஓகாரத்தைச் சேர்த்து எச்சரிக்கிறது. அரபியில் அந்த ஓகாரம் இல்லை. அண்டைவீட்டுச் சொற்களே அந்த எச்சரிக்கையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆதலால் அரபுத் தாள் ஒன்றைக் கையில் வாங்கும் நண்பர்க்கு நான் சொல்வது இவ்வளவே. மாவை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. அது எப்போதும் ஒரே முகத்தோடுதான் இருக்கும். அதற்கு முன்னால் யார் நிற்கிறார், பின்னால் யார் வருகிறார் என்று பாருங்கள். 'குல்' முன்னால் நின்றால், 'எல்லாம்' என்று எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று பொருள். 'தாம' பின்னால் வந்தால், யாரோ உங்களுக்கு ஒரு கால எல்லை கட்டியிருக்கிறார்கள். அதைப் படித்துச் சொல்ல ஒருவர் கிடைக்கும்வரை, கையெழுத்து மாஃபி.